21 நாளுக்குள் எடுக்க வேண்டிய சிறுநீர்ப் பரிசோதனையும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளும்

கேள்வி: என் தங்கைக்குக் கடலூரில் இரண்டாவது குழந்தை பிறந்து இன்றோடு 16 நாள் ஆகிறது. காது பரிசோதனையில் இரண்டு முறையும் இடது காது ‘ரெஃபர்’, வலது காது ‘பாஸ்’ என்று வந்தது. குழந்தை நல மருத்துவர் சிஎம்வி என்ற கிருமிக்காகச் சிறுநீர் எடுக்கச் சொல்கிறார். கர்ப்பத்தில் எடுத்த டார்ச் பரிசோதனையில் சிஎம்வி ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். பழைய தொற்றுதான், பயமில்லை என்றார்கள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறான், சத்தம் கேட்டால் விழிக்கிறான். மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் தங்கையின் மாமியார். இப்போதே எடுத்தாக வேண்டுமா? நானும் மூன்று மாதக் கர்ப்பிணி. குழந்தையைத் தூக்கலாமா?

பதில்:

எடுத்தாக வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள். உங்கள் கையில் இன்னும் 5 நாட்கள் இருக்கின்றன. காது பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் பின்னர் ஈடுசெய்யலாம். இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போட முடியாது.

சிஎம்வி எனப்படும் சைட்டோமெகலோ வைரஸ் தாயின் பாலிலும் பிறப்புறுப்புச் சுரப்பிலும் இருக்கும். பிரசவத்தின்போதோ, பால் குடிக்கும்போதோ அது குழந்தைக்குப் போனாலும், நிறைமாதக் குழந்தைக்கு அதனால் காது கெடுவதில்லை. ஆகவே, பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதும் இல்லை. காதைக் கெடுப்பது கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்த தொற்று. பிறந்த பின் தொற்றிய கிருமி சிறுநீரில் தென்பட ஏறத்தாழ மூன்று வாரமாவது ஆகும் என்பதால், 21 நாளுக்குள் எடுத்த மாதிரியில் கிருமி இருந்தால் அது கருவிலேயே வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாசிட்டிவ் வந்தால் அது கருவில் வந்ததா, பாலில் வந்ததா என்று எந்த நிபுணராலும் பிரித்துச் சொல்ல இயலாது. மாமியார் சொல்லும் யோசனையில் உள்ள முதல் சிக்கல் இதுதான்.

பரிசோதனை எளியது. சிறு பையை ஒட்டிக் குழந்தையின் சிறுநீரைப் பிடித்து, அதில் கிருமியின் மரபணுவையே தேடும் சிஎம்வி பிசிஆர் செய்யச் சொல்ல வேண்டும். பஞ்சுக்குச்சியால் வாயின் உட்புறத்தைத் தடவி உமிழ்நீரிலும் செய்யலாம். ஆனால் பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாலில் உள்ள கிருமியே பாசிட்டிவ் காட்டிவிடும். அதனால்தான் உமிழ்நீரில் பாசிட்டிவ் வந்தால் சிறுநீரிலும் உறுதிசெய்வது வழக்கம். உங்கள் மருத்துவர் நேராகச் சிறுநீரையே கேட்டிருப்பது நல்லது. ஒரு எச்சரிக்கை: ஆய்வகங்களின் வரவேற்பு மேசையில் ‘சிஎம்வி’ என்ற சொல்லைப் பார்த்ததும் குழந்தையின் இரத்தத்தை எடுத்து ஐஜிஜி, ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருட்களைப் பார்த்து அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. குழந்தையின் இரத்தத்தில் உள்ள ஐஜிஜி தாயிடமிருந்து வந்தது, அதற்குப் பொருளில்லை. ஐஜிஎம் தொற்று உள்ள குழந்தைகள் பலரிடம் இல்லாமலே போகும். சீட்டில் ‘சிறுநீர் – சிஎம்வி பிசிஆர்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடலூரில் மாதிரி எடுப்பவர்கள் அதை வெளியூருக்குத்தான் அனுப்புவார்கள் என்றால், எடுத்த தேதி முடிவுத் தாளில் அச்சாகும்படி கேளுங்கள். கணக்கு மாதிரி எடுத்த நாளுக்குத்தான், முடிவு வந்த நாளுக்கு அன்று.

இனி, தங்கையின் பழைய முடிவைப் பற்றி. ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் அவருக்கு எப்போதோ இந்தக் கிருமி வந்து போயிருக்கிறது என்று பொருள். நம் நாட்டில் கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த முடிவுதான் வரும், ஏனென்றால் சிறு வயதிலேயே பெரும்பாலோருக்குத் தொற்றிவிடுகிறது. ‘பழைய தொற்று, ஆகவே குழந்தைக்கு ஆபத்தில்லை’ என்ற முடிவு இங்கேதான் தவறுகிறது. ரூபெல்லாவைப் போல ஒருமுறை வந்தால் பெரும்பாலும் காப்பு என்ற கதை சிஎம்விக்குப் பொருந்தாது. இது உடலுக்குள் உறங்கிக் கிடந்து கர்ப்பத்தில் மறுபடி கிளம்பலாம், அல்லது அதே கிருமியின் வேறொரு வகை வெளியிலிருந்து புதிதாகத் தொற்றலாம். முதல் முறை தொற்று வந்த தாயைவிட இவர்களிடமிருந்து குழந்தைக்குக் கடக்கும் வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனால் இவர்களின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால், நம் ஊரில் கருவிலேயே சிஎம்வி பெற்றுப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் இத்தகைய தாய்மார்களின் பிள்ளைகளே. கடந்துவிட்டால் காது பாதிக்கப்படும் வாய்ப்பும் ஏறக்குறைய அதே அளவுதான்.

தங்கைக்கு மூத்த குழந்தை இருக்கிறது என்பதையும் கவனிக்கிறேன். அங்கன்வாடிக்கோ விளையாட்டுப் பள்ளிக்கோ போகும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் பலர் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் இந்தக் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். குழந்தை மிச்சம் வைத்த சோற்றைத் தாய் சாப்பிடுவது நம் வீடுகளில் பாசத்தின் இயல்பான பகுதி, அதில் குற்றம் தேடிப் பயனில்லை. கிருமி எப்படி வந்தது என்று யாராலும் கண்டறிய முடியாது என்பதால், தங்கையிடம் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

‘ரெஃபர்’ என்பது ‘காது கேட்காது’ என்ற தீர்ப்பு அல்ல. ஓஏஇ எனப்படும் அந்தக் கருவி காதுக்குள் மெல்லிய ஒலியை அனுப்பி, உட்செவியின் வெளி மயிர்ச்செல்கள் திருப்பி அனுப்பும் எதிரொலியைப் பிடிக்கிறது. பிறந்த ஓரிரு நாட்களில் காதுத் துளையில் ஒட்டியிருக்கும் வெள்ளை மெழுகோ, நடுச்செவியில் தேங்கிய நீரோ இருந்தாலும் எதிரொலி வராது. ஆனால் இரண்டாவது முறையும் ஒரே காதில் வராதபோது அதை நீர் என்று தள்ளிவிட முடியாது. அடுத்து ‘பெரா’ எனப்படும் சோதனை தேவை. தூங்கும் குழந்தையின் தலையில் மின்முனைகளை ஒட்டி, எந்த அளவு ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் பதில் தருகின்றன என்று அது காட்டும். ஒரு மாதம் முதல் மூன்று மாதத்துக்குள் அதை முடித்துவிட வேண்டும். சத்தம் கேட்டு விழிக்கிறான் என்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். ஒரு காது நன்றாக இருந்தாலே குழந்தை விழிக்கும், எவர்சில்வர் தட்டு விழும்போது தரையின் அதிர்வுக்கும் விழிக்கும்.

சிறுநீர் முடிவு நெகட்டிவ் என்றால், கருவில் வந்த சிஎம்வி ஏறத்தாழ விலக்கப்பட்டுவிட்டது. அப்போது பெராவை முடித்து, மரபுக் காரணங்களைத் தேட வேண்டும். சொந்தத்தில் திருமணம் நடந்த குடும்பம் என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பாசிட்டிவ் என்றால் என்ன நடக்கும் என்பதைப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு குழந்தையை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 38 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, 2.6 கிலோ, பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லை. உங்கள் தங்கை மகனைப் போலவே இடது காது மட்டும் இரண்டு முறை ‘ரெஃபர்’. 18ஆம் நாளில் எடுத்த சிறுநீரில் சிஎம்வி இருந்தது. உடனே தட்டணுக்களும் கல்லீரல் நொதிகளும் பார்க்கப்பட்டன, தலைக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கப்பட்டது, கண் மருத்துவர் விழித்திரையைச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தன. கருவில் சிஎம்வி பெற்ற குழந்தைகளில் 10இல் ஒன்றுக்குத்தான் மஞ்சள் காமாலை, சிவப்புப் புள்ளிகள், சிறுத்த தலை போன்ற அடையாளங்கள் பிறக்கும்போதே இருக்கும். மற்ற ஒன்பதும் இந்தப் பெண்ணைப் போலத்தான் பிறக்கும். ஐந்தாம் வாரத்தில் எடுத்த பெராவில் வலது காது 25 டெசிபலுக்குப் பதில் தந்தது, அதாவது இயல்பு நிலை. இடது காது 90 டெசிபலுக்கும் பதில் தரவில்லை.

மருந்து கொடுப்பதா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. வால்கேன்சிக்ளோவிர் என்ற வாய்வழி மருந்து, உடலில் பல அடையாளங்களோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் மாதத்துக்குள் தொடங்கி ஆறு மாதம் கொடுத்தால் கேட்கும் திறன் ஓரளவு காக்கப்படுகிறது என்பது 2015இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. காது மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைக்குக் கொடுப்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. கொடுப்பவர்கள் பெரும்பாலும் மூன்று மாத வயதுக்குள் தொடங்கி ஆறு வாரமாவது கொடுக்கிறார்கள். இழந்த கேட்கும் திறனை இது மீட்டுத் தராது, மிச்சமுள்ளதைக் காப்பாற்றுவதற்கான முயற்சிதான் என்பதைப் பெற்றோருக்கு இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அளவு உடல் எடையில் கிலோவுக்கு 16 மில்லிகிராம், நாளைக்கு இருவேளை. அந்தக் குழந்தை அப்போது 3.5 கிலோ, ஆகவே வேளைக்கு 56 மில்லிகிராம். எடை ஏற ஏற அளவையும் ஏற்ற வேண்டும். இந்த மருந்தால் கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற இரத்த அணுக்கள் குறையும் என்பதால் முதல் ஆறு வாரமும் வாராவாரம் இரத்தம் பார்க்கப்பட்டது. நான்காம் வாரத்தில் எண்ணிக்கை 800க்கு இறங்கியது. 500க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தி வைப்பார்கள், அந்த நிலை வரவில்லை. பெரியவர்களுக்கான மாத்திரையை வீட்டில் உடைத்துக் கரைத்துக் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் இந்த மருந்தைக் கையால் தொடவே கூடாது. தங்கை மகனுக்கு இது தேவைப்பட்டால், நீங்கள் கலந்து கொடுக்க வேண்டாம்.

என் அனுபவத்தில் பெற்றோர் மிகுதியாகக் கவலைப்படுவது கெட்டுப்போன காதைப் பற்றி. நான் கவலைப்படுவது நல்ல காதைப் பற்றி. சிஎம்வியால் வரும் செவி இழப்பில் ஏறக்குறைய பாதி பிறக்கும்போது இருப்பதில்லை, பின்னால்தான் வருகிறது. பிறக்கும்போதே இருந்தாலும் அது நின்ற இடத்தில் நிற்பதில்லை, மாதங்களிலும் ஆண்டுகளிலும் ஏறுகிறது, சில நேரம் ஏறி இறங்குகிறது. பிறந்தபோது இரு காதும் ‘பாஸ்’ ஆன சிஎம்வி குழந்தைக்கும் இது நேரலாம் என்பதால், ‘பாஸ்’ என்ற தாளை வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடும் குடும்பங்களில்தான் கண்டுபிடிப்பு மிகத் தாமதமாகிறது.

பண்ருட்டிக் குழந்தையை முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்தோம். ஆறு மாதத்துக்குப் பிறகு பெராவுக்குத் தூங்க வைப்பதே பெரும்பாடு என்பதால், ஒலி வரும் திசைக்குத் திரும்பினால் பொம்மை ஒளிரும் முறையில் சோதித்தோம். ஒன்பதாம் மாதத்தில் வலது காது 30 டெசிபல். சற்று வேறுபாடுதான், ஆனால் அவளுக்குச் சளி இருந்தது. செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி எடுத்தபோது நடுச்செவியில் நீர் இருப்பது தெரிந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 25க்குத் திரும்பிவிட்டாள். பதினான்காம் மாதத்தில் மறுபடி குறைவு, இம்முறை 45. டிம்பனோமெட்ரி இயல்பாக இருந்தது, நீர் இல்லை. சளியால் வரும் குறைவையும் சிஎம்வியால் வரும் குறைவையும் பிரிப்பது இந்தச் சிறு சோதனைதான், அதைச் செய்யாமல் ‘சளி போனால் சரியாகும்’ என்று ஆறு மாதம் கடத்திவிட்ட குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். பெராவில் உறுதிசெய்து, அந்த வாரமே வலது காதுக்குக் காதொலிக் கருவி பொருத்தினோம். அப்போது அவள் ‘அம்மா’, ‘தா’, ‘காக்கா’ உட்பட ஆறேழு சொற்கள் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் எந்த மாற்றத்தையும் கவனிக்கவில்லை; கவனிக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த அளவுக் குறைவில் அருகில் பேசினால் குழந்தை பதில் சொல்லும். இருபதாம் மாதத்தில் வலது காது 80க்குப் போனது, புதிய சொற்கள் வருவது நின்றது. இரண்டே கால் வயதில் இடது காதில், செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் காக்ளியர் இம்பிளாண்ட் என்ற கருவி அறுவை சிகிச்சை செய்து வைக்கப்பட்டது, வலது காதில் கருவி தொடர்ந்தது. தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சைக்கு இடம் உண்டு. வயது வரம்பு உண்டு என்பதால் நாள் கடத்தினால் அதையும் இழக்க நேரும். தொடர்ந்து சோதிக்காமல் இருந்திருந்தால், மூன்று வயதில் ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்ற சமாதானத்தோடு அவளை அழைத்து வந்திருப்பார்கள்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஆகும் என்று எண்ண வேண்டாம். வெளியில் அடையாளம் இல்லாமல் பிறக்கும் சிஎம்வி குழந்தைகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குத்தான் என்றாவது செவி இழப்பு வரும். ஆனால் ஏற்கெனவே ஒரு காதில் வந்துவிட்ட குழந்தைக்கு மறு காதைக் குறித்த எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். தங்கை மகனுக்குப் பாசிட்டிவ் வந்தால் நான் சொல்லும் ஒழுங்கு இது: முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூன்று வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு வயது வரையாவது ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இரு காதையும் தனித்தனியே சோதித்து, அந்தத் தாள்களை ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு தாள் தனியாக எதையும் சொல்லாது, முந்தைய தாளோடு ஒப்பிட்டால்தான் இறக்கம் தெரியும். கடலூரில் தொடங்கி நடுவில் புதுச்சேரிக்கு மாறுகிறவர்கள் கோப்பைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவது எங்களுக்குப் பெரிய தொல்லை. கண்ணையும் ஆண்டுக்கொரு முறை காட்டுங்கள். கழுத்து நிற்பதும் நடப்பதும் தாமதமானால் சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள். உட்செவியில் கேட்கும் பகுதியை ஒட்டியே உடலின் சமநிலைக்கான உறுப்பும் இருக்கிறது, இந்தக் கிருமி அதையும் விட்டுவைப்பதில்லை.

உங்களைப் பற்றி. குழந்தையைத் தாராளமாகத் தூக்குங்கள். கட்டியணைப்பதாலும் ஒரே அறையில் இருப்பதாலும் இது பரவாது, எச்சிலும் சிறுநீரும் கையில் பட்டு வாய்க்கோ மூக்குக்கோ போனால்தான் பரவும். துணி மாற்றினாலும் கடைவாய் துடைத்தாலும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள், முத்தம் நெற்றியில் கொடுங்கள். இவனைவிடத் தங்கையின் மூத்த குழந்தையிடம்தான் உங்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் குழந்தை கடித்த பிஸ்கட்டையும், குடித்த டம்ளரையும் பிள்ளைப்பேறு வரை பகிர்ந்துகொள்ள வேண்டாம். குழந்தையின் காதுக்குத் தீங்கு செய்வது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் கருவுக்குச் சென்ற தொற்றுதான் என்பதால், இன்னும் சில வாரங்கள் உங்களுக்கு மிக முக்கியமானவை.

நீங்கள் கேட்காத இரண்டு கிருமிகளையும் சொல்லிவிடுகிறேன், இரண்டும் உங்கள் கர்ப்பகாலத்தைச் சேர்ந்தவை. ரூபெல்லா முதல் நான்கு மாதங்களில் தாய்க்கு வந்தால் குழந்தையின் காதையும் கண்ணையும் இதயத்தையும் ஒருசேரப் பாதிக்கும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில்தான் தொடங்கியது, அதுவும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு. ஆகவே அதற்கு முன்பே 15 வயதைக் கடந்துவிட்டவர் என்றால், தனியாரிடம் போட்டிருந்தால் தவிர உங்களுக்கு அந்த ஊசி கிடைத்திருக்காது. கர்ப்பத்தில் அதைப் போட முடியாது. உடலில் தடிப்போடு காய்ச்சல் உள்ள குழந்தைகளிடமிருந்து விலகியிருந்து, பிரசவத்துக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். மற்றொன்று மேகநோய் எனப்படும் சிபிலிஸ். அதனால் வரும் செவி இழப்பு சில குழந்தைகளுக்குப் பள்ளி வயதில்கூட வெளிப்படும், ஆனால் கர்ப்பத்திலேயே கண்டுபிடித்துப் பெனிசிலின் போட்டால் பெரும்பாலும் முழுமையாகத் தடுத்துவிடலாம். உங்கள் தாய்–சேய் அட்டையில் சிபிலிஸ் இரத்தப் பரிசோதனைக்கான ‘விடிஆர்எல்’ என்ற இடம் காலியாக இருந்தால், தங்கை மகனின் சிறுநீர்ப் புட்டியைக் கொடுக்கப் போகும் அன்றே உங்கள் இரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.